வாப்பா, வாடா, சொன்னேன்ல: இங்கிலீஷ் சப்டைட்டிலில் இந்த உரிமையை எங்கே வைப்பது?

கோட்டை அகழி · பிப்ரவரி 3, காலை 9.40

வேலூர் லாங்கு பஜாரில் நடக்கிற ஒரு குறும்படம், இருபது நிமிஷம். பேச்செல்லாம் நம்ம ஊர்ப் பேச்சு. இங்கிலீஷ் சப்டைட்டில் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அர்த்தம் பிரச்சினையே இல்லை, வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிற பா, டா, ல மூன்றும்தான் பிரச்சினை. அவற்றை எடுத்துவிட்டால் எல்லாரும் எல்லாரையும் அதட்டுகிற மாதிரி இருக்கிறது. 'உட்காருப்பா' என்பது 'சிட் டவுன்' ஆனால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் 'மேன்', 'ட்யூட்' போட்டுப் பார்த்தால் லாங்கு பஜார் கலிபோர்னியாவுக்குப் போய்விடுகிறது.

என் கணிப்பு: இங்கிலீஷில் சிநேகத்தைக் காட்ட இப்படி ஒரு ஒட்டு கிடையாது, ஆகவே விட்டுவிட வேண்டியதுதான். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மக்கன் பேடா · பிப்ரவரி 3, காலை 11.05

ஏன் இல்லை? ஆஸ்திரேலியாவில் வரிக்கு வரி 'மேட்' சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 'மேட்', 'லவ்', அமெரிக்காவில் 'மேன்', 'படி'. எல்லாம் வரியின் கடைசியில்தான் வருகிறது. பா என்றால் 'மேட்', டா என்றால் 'ட்யூட்', முடிந்தது. எந்த நாட்டு இங்கிலீஷ் என்று முதலில் முடிவு பண்ணுங்கள், மிச்சம் தானாக வரும்.

பாலாற்று மணல் · பிப்ரவரி 3, மதியம் 1.20

மக்கன் பேடா சொல்வது பாதி சரி. அந்த வார்த்தைகள் வரியின் கடைசியில் நிற்கின்றன என்பது உண்மை. ஆனால் அவையெல்லாம் ஆளைக் கூப்பிடும் வார்த்தைகள், எதிரில் ஓர் ஆள் இருந்தால்தான் வரும். பா அப்படி இல்லை.

சித்திரை மாசம் ஒருத்தர் வெயிலில் இருந்து வீட்டுக்குள் வருகிறார், வீட்டில் ஒருத்தரும் இல்லை. 'ஸ்ஸ், முடியலப்பா' என்கிறார். யாரைக் கூப்பிட்டார்? யாரையும் இல்லை. அதே இடத்தில் 'முடியலடா' என்று தனியாக இருக்கிறவர் சொன்னால் ஒன்று போனில் பேசுகிறார், இல்லை மனசுக்குள் யாரையோ எதிரில் நிறுத்தியிருக்கிறார். 'டா'வுக்கு ஆள் வேண்டும், 'பா'வுக்குக் கட்டாயமில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் சப்டைட்டிலில் பாதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் வசனத் தாளை எடுத்து, பா வருகிற வரிகளை மட்டும் தனியாகக் குறியுங்கள். அந்த வரி ஏவுகிறதா, சும்மா சொல்கிறதா, கையை விரிக்கிறதா என்று பிரியுங்கள்.

ஏவுகிற வரியில் ('கொஞ்சம் உட்காருப்பா', 'சாப்பிட்டுட்டுப் போப்பா') பா அதிகாரத்தைக் குறைத்து வற்புறுத்தலாக மாற்றுகிறது. சும்மா சொல்கிற வரியில் ('இன்னா வெயில்ப்பா') அது வெறும் பெருமூச்சு. கையை விரிக்கிற வரியில் ('எனக்குத் தெரியாதுப்பா') அது விலகிக்கொள்கிறது, 'என்னை இதில் இழுக்காதே' என்று. மூன்றுக்கும் இங்கிலீஷில் வேறு வேறு இடத்தில் வேலை நடக்கும். பெருமூச்சு வரியின் தலைக்குப் போய்விடும்: 'காட், திஸ் ஹீட்'. விலகல் வாக்கியத்தையே மாற்றிவிடும்: 'ஐ டோன்ட் நோ' என்று எழுதாமல் 'டோன்ட் ஆஸ்க் மீ'. இரண்டிலும் 'மேட்' போட்டால் இல்லாத ஓர் ஆளை அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்த மாதிரி.

சத்துவாச்சாரி அக்கா · பிப்ரவரி 3, மதியம் 2.45

இன்னொன்றும் இருக்கிறது. நம்ம பக்கம் பொண்ணுங்க பொண்ணுங்களையே 'இல்லப்பா', 'வாப்பா' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். 'மேன்' என்று போட்டால் அங்கேயே கதை கந்தல். டா கூட அப்படித்தான். மகளைக் கொஞ்சும்போது 'என்னடா கண்ணு' என்கிற அப்பாக்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அந்த டாவில் ஆணும் இல்லை, மட்டம் தட்டலும் இல்லை.

சிங்கை வெயில் · பிப்ரவரி 3, மாலை 6.10

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே இங்கிலீஷ்லயே 'லா' இருக்கிறதே! 'கேன் லா', 'ஓகே லா'. தமிழ் 'ல'தான் இது, நம்ம ஆட்கள் கொண்டுவந்தது. அப்படியே 'லா' போட்டுவிடுங்கள், உலகமே புரிந்துகொள்ளும்.

பாலாற்று மணல் · பிப்ரவரி 3, இரவு 8.30

சிங்கை நண்பரே, கேள்வி வேறு 'ல'வைப் பற்றியது. மலாயில் '-லா' என்ற ஒட்டு தன் காலிலேயே நிற்கிறது, சீன மொழிகளிலும் 'லா' மாதிரி ஓர் ஒட்டு உண்டு. அங்கத்திய 'லா' எங்கிருந்து வந்தது என்று சண்டை போட வேண்டுமானால் அந்த இரண்டையும் தாண்டித்தான் தமிழுக்கு வர வேண்டும். அது போகட்டும், வேலை என்ன செய்கிறது என்று பாருங்கள். 'ஓகே லா' என்பது 'அட சரிப்பா' என்று பேச்சை முடித்து வைக்கிறது. நம்ம 'சொன்னேன்ல' பேச்சை எதிராளி பக்கம் தள்ளி, 'ஒத்துக்கொள்' என்கிறது. நேர் எதிர்.

தாமிரபரணி தம்பி · பிப்ரவரி 4, காலை 7.55

எங்க ஊர்ல 'என்னல', 'வால' எல்லாம் உண்டு. ல என்றால் டாவுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். சொன்னேன்ல என்றால் சொன்னேன்டா.

பாலாற்று மணல் · பிப்ரவரி 4, காலை 10.15

நெல்லையில் 'என்னல', 'வாலே' என்பது கூப்பிடுகிற ல. அதைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. 'சொன்னேன்ல'வில் இருப்பது வேறு. அது 'சொன்னேன் இல்ல' தேய்ந்து, 'சொன்னேன்ல்ல' ஆகி, இன்னும் தேய்ந்தது.

பிரித்துக்காட்ட ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: 'சொன்னேன்லடா', 'சொன்னேன்லப்பா'. வாயில் தடங்கலில்லாமல் வருகிறது. திருப்பிச் சொல்லுங்கள்: 'சொன்னேன்டால'. யாரும் சொல்வதில்லை. ல வாக்கியத்தோடு ஒட்டியது, அதனால் உள்ளே இருக்கிறது. டாவும் பாவும் எதிரில் இருக்கிறவரோடு ஒட்டியவை, அதனால் வெளியே. டாவும் லவும் ஒன்றே என்றால் இப்படி ஒரே வரியில் வரிசையாக நிற்க முடியாது.

வசனத் தாளைப் படிக்கும்போது இன்னொரு 'ல'விடமும் உஷாராக இருங்கள். 'நீ சொல்லல' என்றால் சொல்லவில்லை. 'நீ சொல்றல்ல' என்றால் சொல்கிறாய்தானே. தட்டச்சு செய்தவர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டால் அர்த்தம் தலைகீழ். சந்தேகம் வந்தால் தாளை நம்பாதீர்கள், ஒலியைக் கேளுங்கள்.

கோட்டை அகழி · பிப்ரவரி 4, மதியம் 12.30

வரிகளைப் பிரித்துவிட்டேன். பெருமூச்சு வகைதான் அதிகம், ஆச்சரியம். ஏவுகிற வரிகளில்தான் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். 'உட்காருப்பா'வுக்கு 'ப்ளீஸ் சிட் டவுன்' போட்டால் டாக்டர் கிளினிக் மாதிரி இருக்கிறது.

மக்கன் பேடா · பிப்ரவரி 4, மதியம் 12.50

'சிட் டவுன், வில் யூ' போடுங்கள். கடைசியில் ஒட்டும் கிடைத்தது, மரியாதையும் கிடைத்தது.

காட்பாடி ஜங்ஷன் · பிப்ரவரி 4, மதியம் 3.20

'வில் யூ' ஆபத்து. பேசும்போது குரலை மேலே தூக்கினால் அது வேண்டுகோள், இறக்கினால் எரிச்சல். 'ஷட் த டோர், வில் யூ' என்று இறக்கிச் சொல்கிறவர் கடுப்பில் இருக்கிறார். சப்டைட்டிலில் குரல் கிடையாது, படிக்கிறவர் பெரும்பாலும் கடுப்பாகத்தான் படிப்பார். 'வோன்ட் யூ' என்று மாற்றினால் கடுப்பு போய்விடும், ஆனால் அது கொஞ்சம் பழங்காலத்துப் பாட்டி இங்கிலீஷ். பாட்டி பேசுகிற வரி என்றால் தாராளமாக வைக்கலாம்.

இதைவிட முக்கியமான விஷயம், ஏவலால் யாருக்கு லாபம் என்று பார்ப்பது. லாபம் கேட்கிறவருக்கு என்றால் இங்கிலீஷில் மொட்டையான ஏவலே உபசாரம்தான். 'ஹேவ் சம் மோர்', 'டேக் எ சீட்', 'மைண்ட் த ஸ்டெப்', எதிலும் ப்ளீஸ் கிடையாது, யாருக்கும் மரியாதைக் குறைவாகப் படுவதும் இல்லை. லாபம் சொல்கிறவருக்கு என்றால்தான் 'குட் யூ', 'கேன் யூ' எல்லாம் தேவைப்படும். அதனால் 'உட்காருப்பா'வை முதலில் இந்தக் கேள்வியில் நிறுத்துங்கள். வெயிலில் வந்தவரை உட்காரச் சொல்கிறாரா? அப்படியென்றால் 'ஹியர், சிட்' போதும். மறைக்கிறதென்று முன்னால் நிற்கிறவரை உட்காரச் சொல்கிறாரா? அப்படியென்றால் 'கேன் யூ சிட் டவுன்?' என்று கேள்வியாக்கிவிட வேண்டும். தமிழில் இரண்டு இடத்திலும் ஒரே பா.

'சாப்பிட்டுட்டுப் போப்பா'வும் அப்படித்தான். 'ஈட் அண்ட் கோ' என்று போட்டால் சாப்பிட்டுத் தொலை என்று விரட்டுகிற மாதிரி ஆகிவிடும், கடைசியில் நிற்கிற 'கோ'தான் காதில் விழும். தமிழில் 'போ'வின் உறைப்பைப் பா தணிக்கிறது. இங்கிலீஷில் தணிக்க ஆளில்லை, அதனால் 'போ'வையே எடுத்துவிட வேண்டும். 'ஸ்டே அண்ட் ஈட்'. போகச் சொல்வதை இருக்கச் சொல்வதாகத் திருப்பினால் உபசரிப்பு முழுசாக வந்துவிடும்.

ஆம்பூர் ஆள் · பிப்ரவரி 4, மாலை 5.40

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். நான் தோல் ஏற்றுமதி ஆபீஸில் இருக்கிறேன். வெளிநாட்டு பையர்களோடு வாட்ஸ்ஆப்பில் பேசணும். நம்ம ஆட்களிடம் 'நோ பா, டுடே நாட் பாசிபிள்' என்று போட்டுப் பழகிவிட்டது. பையருக்கு அந்த பாவை எடுத்துவிட்டுப் போட்டால் 'நோ, டுடே நாட் பாசிபிள்' என்று முகத்தில் அடித்த மாதிரி நிற்கிறது. இதற்கு ஏதாவது சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன் · பிப்ரவரி 4, மாலை 6.25

'இல்லப்பா'வில் பா செய்கிற வேலையை இங்கிலீஷில் காரணமும் மாற்று வழியும் செய்யும். 'நோ'வை முதல் வார்த்தையாக வைக்காதீர்கள். 'சாரி, கான்ட் டூ டுடே. டுமாரோ மார்னிங் ஓகே?' அவ்வளவுதான். வரி ரொம்பச் சின்னதாகிவிட்டால் குளிர்ச்சியாகத் தெரியும், ரொம்ப நீண்டால் கெஞ்சுகிற மாதிரி தெரியும். இந்த இரண்டு துண்டு அளவு சரியாக இருக்கும். கொஞ்சம் பெரிய இடம் என்றால் 'ஐம் அஃப்ரெய்ட்' சேர்க்கலாம், தினமும் பேசுகிற ஆளிடம் அது விறைப்பு.

ஆம்பூர் ஆள் · பிப்ரவரி 4, மாலை 6.40

ஐடியா நல்லா இருக்கு. ஒரு விஷயம்: எங்க வீட்டில் தக்னி. 'க்யா ரே' என்றால் 'என்னடா', ஒரு எழுத்து குறையாமல். இந்தப் பக்கம் சித்தூர் போனால் தெலுங்கில் 'ஏம்ரா'. இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் ஏன் இந்தப் பஞ்சம்?

காட்பாடி ஜங்ஷன் · பிப்ரவரி 4, இரவு 7.05

உங்கள் 'ல'வுக்கும் தெலுங்கில் ஜோடி உண்டு. 'செப்பானு கதா' அப்படியே 'சொன்னேன்ல'. நாலு மைலுக்கு ஒரு மொழி மாறுகிற ஊரில் இருந்துகொண்டு நமக்கு இந்த வரிகளை மாற்றுவது கஷ்டமாகவே படுவதில்லை. இங்கிலீஷ் வந்தால்தான் கை நடுங்குகிறது.

கோட்டை அகழி · பிப்ரவரி 5, காலை 8.15

சரி, படத்தின் கடினமான காட்சியை வைக்கிறேன். கடையில் பாக்கிச் சில்லறைத் தகராறு. சாமான் முன்னூறு ரூபாய். பையன் ஐநூறு கொடுத்தேன் என்கிறான். கடைக்காரர் முன்னூறுதான் என்கிறார்.

கடைக்காரர்: சொல்லுங்க, இன்னா வேணும்?
(சாமான் வாங்கியாயிற்று)
பையன்: அண்ணே, பாக்கி இருநூறு.
கடைக்காரர்: இல்லப்பா, நீ முன்னூறுதான் குடுத்த.
பையன்: ஐநூறு குடுத்தேன்ல.
கடைக்காரர்: கல்லாவப் பாருப்பா. ஐநூறு நோட்டு இருக்கா?
பையன்: யோவ், இன்னா ஏமாத்துறியா?
கடைக்காரர்: இன்னாடா சொன்ன?
பெரியவர்: விடுப்பா, விடுப்பா. சின்னப் பையன்.

நான் போட்ட முதல் பிரதியில் எல்லா வரியும் ஒரே சூட்டில் இருக்கிறது. சண்டை எந்த வரியில் மூண்டது என்றே தெரியவில்லை.

பாலாற்று மணல் · பிப்ரவரி 5, காலை 11.30

அருமையான காட்சி. இதில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. கடைக்காரர் 'சொல்லுங்க'வில் தொடங்கி, பணத் தகராறு வந்ததும் 'ப்பா'வுக்கு இறங்கி, 'யோவ்' கேட்டதும் 'டா'வுக்கு விழுகிறார். இரண்டே இறக்கம். சப்டைட்டில் அந்த இரண்டு இறக்கத்தையும் காட்டினால் போதும். நடுவில் இருக்கிற வரிகளில் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இங்கிலீஷில் மரியாதையை ஒட்டாகக் காட்ட வழியில்லை, ஆனால் வாக்கியத்தின் நீளத்தில் காட்டலாம். மரியாதை இருக்கிற வரி நீளமாகவும் கேள்வியாகவும் இருக்கும், மரியாதை குறையக் குறைய வரி சுருங்கி முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே:

முதல் வரி, 'யெஸ், வாட் கேன் ஐ கெட் யூ?' முழுக்க விரிந்த வாக்கியம், 'கேன்' உள்ளே இருக்கிறது. இதுதான் உங்கள் 'ங்க'.

'இல்லப்பா, நீ முன்னூறுதான் குடுத்த' வரிக்கு 'நோ, சன். யூ கேவ் மீ த்ரீ ஹண்ட்ரட்.' இங்கே 'சன்' பொருந்துகிறது, ஏனென்றால் இந்தப் பா வெறும் சிநேகம் இல்லை. பெரியவன் சின்னவனுக்குச் சொல்லித் தருகிற பா. 'சன்'னிலும் அதே மேட்டிமை ஒட்டிக்கொண்டு வருகிறது. காட்சி முழுவதற்கும் இந்த ஒரு இடத்தில் மட்டும் கூப்பிடும் வார்த்தை போடுங்கள்.

கோட்டை அகழி · பிப்ரவரி 5, மதியம் 12.10

'ஐநூறு குடுத்தேன்ல'வுக்கு 'ஐ கேவ் யூ ஃபைவ் ஹண்ட்ரட், டிடின்ட் ஐ?' வைத்திருக்கிறேன். ல என்றால் 'டிடின்ட் ஐ'தானே?

பாலாற்று மணல் · பிப்ரவரி 5, மதியம் 1.45

மற்ற இடங்களில் ஆம், இங்கே இல்லை. 'டிடின்ட் ஐ' என்பது இருவரும் ஒப்புக்கொண்ட விஷயத்தை நினைவூட்டும்போது நன்றாக உட்காரும். 'மழை வரும்னு சொன்னேன்ல' என்றால் மழை பெய்துகொண்டிருக்கிறது, மறுக்க ஆளில்லை. 'ஐ டோல்ட் யூ, டிடின்ட் ஐ' கச்சிதம். இந்தக் காட்சியில் எதிராளி இப்போதுதான் மறுத்திருக்கிறார். மறுத்த பிறகும் பையன் 'ல' போடுகிறான் என்றால் அவன் நினைவூட்டவில்லை, 'உனக்கும் தெரியும், தெரிந்தே இல்லை என்கிறாய்' என்கிறான். 'டிடின்ட் ஐ' போட்டால் அவனுக்கே சந்தேகம் வந்து கேட்கிற மாதிரி ஆகிவிடும். 'பட் ஐ கேவ் யூ ஃபைவ் ஹண்ட்ரட்!' போதும். இந்த இடத்தில் 'பட்'தான் உங்கள் ல.

இன்னும் ஒன்று. கடைசியில் ஒட்டுகிற அந்தக் குட்டிக் கேள்வி இந்த மாதிரி வரிகளில் பொதுவாகத் தலைகீழாக வர வேண்டும், முன்னால் உண்டு என்றால் பின்னால் இல்லை. இரண்டையும் உண்டாக வைத்தால், 'ஸோ, யூ ஹேவ் கம், ஹேவ் யூ?' என்கிற மாதிரி, அது நக்கல் ஆகிவிடும். 'ஓஹோ, வந்துட்டீங்களா' என்று இழுத்துச் சொல்கிற வரிக்கு அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி ஜங்ஷன் · பிப்ரவரி 5, மாலை 4.00

'இன்னாடா சொன்ன'வைப் பற்றி. 'வாட் டிட் யூ ஜஸ்ட் சே டு மீ?' என்று எழுதத் தோன்றும். 'ஜஸ்ட்'டும் 'டு மீ'யும் சேர்ந்து டாவின் வேலையைச் செய்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் இடைவெளிகளோடு சேர்த்து எண்ணினால் 28 எழுத்து. நொடிக்கு 17 எழுத்து என்று வைத்தால் ஒன்றரை நொடிக்கு மேல் திரையில் நிற்க வேண்டும். நடிகர் அந்த வரியை ஒரு நொடிக்குள் கடித்துத் துப்பிவிடுவார். அதற்குள் பெரியவர் பேச ஆரம்பித்துவிடுவார், எழுத்து கடைக்காரருடையதாகவும் வாய் பெரியவருடையதாகவும் இருக்கும்.

'சே தட் அகெய்ன்.' 15 எழுத்து. கேள்விக்குறி இல்லை, புள்ளிதான். திரும்பச் சொல் என்று சொன்னாலும் சொல்லிவிடாதே என்றுதான் அர்த்தம். டா அதிலேயே இருக்கிறது.

'நோ, சன்' வரி 35 எழுத்து, இரண்டு நொடி பிடிக்கும். தமிழ் வரியும் கிட்டத்தட்ட அவ்வளவு நீளம், பிரச்சினை இல்லை. ஒரு வரியில் 42-ஐத் தாண்டாமல் இருந்தால் உடைக்கவும் வேண்டாம்.

மக்கன் பேடா · பிப்ரவரி 5, மாலை 5.15

'யோவ்'வை மறந்துவிட்டீர்களே? சண்டையை மூட்டியதே அதுதான். 'ஹே' போடலாமா?

காட்பாடி ஜங்ஷன் · பிப்ரவரி 5, மாலை 5.50

நல்ல கேள்வி. 'ஹே' லேசாகப் போய்விடும், நண்பனைக் கூப்பிடுவதற்கும் அதுதான். பையன் முதலில் 'அண்ணே' என்றான், பிறகு 'யோவ்' என்கிறான், அவன் பக்கமும் ஓர் இறக்கம் இருக்கிறது. முதல் வரியில் 'அண்ணே'வுக்கு 'சார்' வைத்தால் இங்கே அது காணாமல் போவதே பாதி வேலையைச் செய்துவிடும். மிச்சப் பாதிக்கு 'ஆர் யூ சீட்டிங் மீ?' என்று ஒழுங்காகக் கேட்காமல், 'யூ சீட்டிங் மீ?' என்று தலையை வெட்டிவிடுங்கள். தலை வெட்டின கேள்வி இங்கிலீஷில் நண்பர்களுக்குள் சிநேகம், அன்னியரிடம் திமிர். டா மாதிரியே.

சத்துவாச்சாரி அக்கா · பிப்ரவரி 5, இரவு 8.20

அண்ணேவுக்கு சாரா? லாங்கு பஜார் கடைக்காரரை எந்தப் பையன் சார் என்கிறான்? அண்ணே என்பதில் மரியாதையும் இருக்கிறது, உறவும் இருக்கிறது. சார் போட்டால் உறவு போய்விடுகிறது. பிறகு யோவ் வரும்போது மரியாதை போனது மட்டும் தெரியும், உறவு முறிந்தது தெரியாது. 'அண்ணா'வையே எழுத்தில் வையுங்கள். இந்தியப் படம் பார்க்கிறவர்களுக்கு அது புரியும்.

காட்பாடி ஜங்ஷன் · பிப்ரவரி 5, இரவு 8.45

'அண்ணா'வை வைத்தால் பாவையும் டாவையும் ஏன் வைக்கக் கூடாது என்ற கேள்வி வரும். எல்லாவற்றையும் வைத்தால் இருபது நிமிஷப் படத்தில் வரிக்கு வரி சாய்வெழுத்து.

சத்துவாச்சாரி அக்கா · பிப்ரவரி 5, இரவு 9.00

வந்தால் என்ன? காதில்தான் ஒவ்வொரு வரியிலும் 'பா' கேட்கிறதே. இரண்டு நிமிஷத்தில் பார்க்கிறவர் தானே பிடித்துக்கொள்வார்.

பாலாற்று மணல் · பிப்ரவரி 6, காலை 9.30

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காதில் விழுகிறது என்று அக்கா சொல்வதை வைத்தே யோசித்தால், எழுத்தில் வைக்காமலே விட்டுவிடலாம் என்றும் ஆகிறது. ஆனால் பார்க்கிறவர் காதால் 'பா'வைத் தனியாகப் பிரிக்க முடியாது. 'இல்லப்பா' அவருக்கு ஒரே சத்தம். 'அண்ணே' மட்டும் வரியின் தலையில் தனியாக, ஒரு நிறுத்தத்தோடு வருகிறது, அதனால் பிடிபடும். நானாக இருந்தால் 'அண்ணா'வை வைத்து, பா, டா இரண்டையும் எடுத்துவிடுவேன். காட்பாடியார் ஒத்துக்கொள்ள மாட்டார், தெரியும்.

பெரியவர் வரிக்கு யாரும் வரவில்லையே. 'விடுப்பா, விடுப்பா' கடைக்காரருக்கா, பையனுக்கா?

கோட்டை அகழி · பிப்ரவரி 6, காலை 10.05

கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். கண் பையன் மேல்.

பாலாற்று மணல் · பிப்ரவரி 6, காலை 10.40

அப்படியென்றால் அந்தப் பா சமாதானம். கடைக்காரருக்கு வயசு அம்பது, பெரியவருக்கு எழுபது என்றால்தான் இந்த 'விடுப்பா' செல்லும். இதே வரியை முப்பது வயசுக்காரர் சொன்னால் 'விடுங்க'தான். இரண்டு முறை சொல்வதும் முக்கியம். ஒரு முறை சொன்னால் கட்டளை, இரண்டு முறை சொன்னால் தட்டிக்கொடுத்தல். இங்கிலீஷிலும் இது அப்படியே நடக்கும்: 'ஆல் ரைட், ஆல் ரைட். ஹி இஸ் ஜஸ்ட் எ கிட்.' 'லெட் இட் கோ' என்று வார்த்தைக்கு வார்த்தை போனால் அறிவுரை மாதிரி ஆகிவிடும்.

தாமிரபரணி தம்பி · பிப்ரவரி 6, மதியம் 12.00

எங்க ஊர்க்காரன் என்றால் இந்தச் சண்டை 'ஏலே'யில் தொடங்கி 'ஏலே'யிலேயே முடிந்திருக்கும். படிக்கட்டே கிடையாது. உங்களுக்கு வேலை மிச்சம்.

கோட்டை அகழி · பிப்ரவரி 6, இரவு 9.50

இப்போதைய பிரதி இது. யெஸ், வாட் கேன் ஐ கெட் யூ? / அண்ணா, மை டூ ஹண்ட்ரட் சேஞ்ச். / நோ, சன். யூ கேவ் மீ த்ரீ ஹண்ட்ரட். / பட் ஐ கேவ் யூ ஃபைவ் ஹண்ட்ரட்! / லுக் இன் த டில். சீ எனி ஃபைவ் ஹண்ட்ரட்? / யூ சீட்டிங் மீ? / சே தட் அகெய்ன். / ஆல் ரைட், ஆல் ரைட். ஹி இஸ் ஜஸ்ட் எ கிட்.

'கல்லாவப் பாருப்பா'வுக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. முந்தின வரியில் 'சன்' சொன்னதே இங்கேயும் நீள்கிறது என்று வைத்துக்கொண்டேன். 'அண்ணா' வைத்ததில் படக்குழுவிலேயே இரண்டு கட்சி.

காட்பாடி ஜங்ஷன் · பிப்ரவரி 6, இரவு 10.15

'மை டூ ஹண்ட்ரட் சேஞ்ச்' இங்கிலீஷே இல்லை. 'அண்ணா, யூ ஓ மீ டூ ஹண்ட்ரட்' என்று போட்டால் இப்போதே சண்டைக்கு நிற்கிறான். 'அண்ணா, மை சேஞ்ச்? டூ ஹண்ட்ரட்.' கேள்விக்குறியில் பணிவு இருக்கட்டும். 'அண்ணா' பற்றி என் கருத்து மாறவில்லை.

சத்துவாச்சாரி அக்கா · பிப்ரவரி 7, காலை 6.50

மாற வேண்டாம்ப்பா. இதுக்கு இங்கிலீஷ் போடுங்க பார்க்கலாம்.

காட்பாடி ஜங்ஷன் · பிப்ரவரி 7, காலை 7.30

'சூட் யுவர்செல்ஃப்.' 14 எழுத்து.